கதையில் வரும் ஆர்க்கிடெக்ட் முதலில் எதைப் பார்ப்பார்?

கேள்வி: வணக்கம். ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வசந்தா, 72 வயது, ஓய்வுபெற்ற ஆர்க்கிடெக்ட். 1984-ல் திருவான்மியூரில் தான் வடிவமைத்த ஒரு வீட்டுக்கு நாற்பது வருடம் கழித்துப் போகிறார். நடுமுற்றத்தைக் கூரை போட்டு மூடியிருக்கிறார்கள். தரையெல்லாம் புது டைல்ஸ். ஹாலில் ஒரு சுவரைக் காணோம். மொட்டை மாடியில் புதிதாக ஓர் அறை. முற்றத்தில் நின்று கண்கலங்குகிறார், அத்தோடு கதை முடிகிறது. படித்த நண்பர்கள், "இந்த அம்மா ஆர்க்கிடெக்ட் மாதிரியே இல்லை, தாத்தா வீட்டைப் பார்க்க வந்த பேத்தி மாதிரி இருக்கிறார்" என்கிறார்கள். ஓர் ஆர்க்கிடெக்ட் உண்மையில் எதைப் பார்ப்பார்? "என் வீட்டை ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று உரிமையோடு சண்டை போடலாமா? - வாசகி, திருச்சி

பதில்: உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான். காரணம் ரொம்ப எளிது. பேத்தி அந்த வீட்டில் வாழ்ந்தவள், வசந்தா அங்கே ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. எங்கள் தொழிலில் இது கொஞ்சம் விசித்திரமான விஷயம். ஒரு வீட்டை அங்குலம் அங்குலமாகத் தெரியும், ஆனால் அதில் சாம்பார் வாசனை எப்படி வரும் என்று தெரியாது. வசந்தாவின் ஞாபகத்தில் இருப்பது காலி வீடு. பூசாத சுவர், கியூரிங் தண்ணீர் சொட்டும் தளம், வாசலில் மணல் குவியல், படியில் உட்கார்ந்து டீ குடிக்கும் மேஸ்திரி. கடைசியாகப் பார்த்தது கிரகப்பிரவேசத்தன்று, அன்றைக்கும் நாற்காலி தவிர உள்ளே எதுவும் இருந்திருக்காது. அதனால் அவர் கதவைத் தாண்டி உள்ளே வரும்போது வரும் அதிர்ச்சி "எல்லாம் மாறிவிட்டதே" என்பது மட்டும் இல்லை, அந்த வீட்டில் சோபாவும் ஃப்ரிட்ஜும் ஷூ ஸ்டாண்டும் இருப்பதை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார். அந்தச் சோபா எந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு இருக்கிறது என்பதைத்தான் கவனிப்பார், அதன் நிறத்தை இல்லை.

அடுத்தது, கண்ணுக்கு முன்னால் கால் பார்த்துவிடும். உங்கள் கதையில் "தரையெல்லாம் பளபளவென்று புது டைல்ஸ்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அதுதான் நீங்கள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டிய இடம். 1984-ல் அந்த வீட்டில் இருந்தது மொசைக் தரையாக இருக்கும். பின்னாளில் டைல்ஸ் போடும்போது யாரும் மொசைக்கை உடைத்து எடுப்பதில்லை. உடைத்தால் வீடு முழுக்கத் தூசி, இடிபாட்டை அள்ள லாரி, குடும்பத்தோடு வேறு இடத்துக்குப் போக வேண்டும். அதனால் பழைய தரையைக் கொத்திவிட்டு அதன் மேலேயே சிமெண்ட் கலவை பரப்பி டைல்ஸ் பதித்துவிடுவார்கள். இப்படிச் செய்தால் தரை ஒன்றரை இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் படிக்கட்டு அதே இடத்தில்தானே இருக்கிறது?

கணக்கைப் பாருங்கள். தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவே பத்து அடி, அதாவது 120 அங்குலம். வசந்தா அதை 20 படியாகப் பிரித்து, படிக்கு 6 அங்குலம் என்று வரைந்திருக்கிறார். கொஞ்சம் தாராளமான, வயதானவர்களும் ஏறக்கூடிய படி. இப்போது கீழ்த்தரை இரண்டு அங்குலம் உயர்ந்ததால் முதல் படி 4 அங்குலம் ஆகிவிட்டது. மாடியிலும் டைல்ஸ் போட்டு, படிகளை மட்டும் பழைய மொசைக்கோடு விட்டுவிட்டார்கள் என்றால், கடைசிப் படி 8 அங்குலம். நடுவில் இருக்கும் படிகள் எல்லாம் பழையபடி 6. நம் கால் இரண்டாவது மூன்றாவது படியிலேயே உயரத்தைப் பழகிக்கொண்டு அதன் பிறகு பார்க்காமல் ஏறும், அதனால்தான் ஒரே ஒரு படி மாறினாலும் தடுக்கும். இறங்கும்போது இன்னும் மோசம், மாடியிலிருந்து வைக்கும் முதல் அடியே எதிர்பார்த்ததைவிட இரண்டு அங்குலம் கீழே போகும்.

அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போயிருக்கும், விருந்தாளிகள்தான் தடுமாறுவார்கள். வசந்தா முதல் படியில் கால் வைத்த உடனே நின்றுவிடுவார். ஒரு வார்த்தை பேச வேண்டாம், கைப்பிடியை ஒரு தடவை இறுகப் பிடித்தால் போதும். அந்தக் கைப்பிடியும் அவர் தரையிலிருந்து அளந்து வைத்தது, அதுவும் இப்போது கீழ்ப்பக்கத்தில் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கும். கதவுகளையும் பார்ப்பார். தரை உயர்ந்தால் கதவு திறக்காது, ஆசாரியைக் கூப்பிட்டு அடிப்பக்கத்தை அறுத்திருப்பார்கள். தேக்குக் கதவின் கீழ்ச்சட்டம் அவர் வரைந்ததைவிட ஒல்லியாக இருக்கும். வீட்டுக்காரர் காபி கொண்டுவரும் நேரத்தில் வசந்தா கதவின் அடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் நண்பர்கள் "ஆமாம், இவர் ஆர்க்கிடெக்ட்தான்" என்று ஒப்புக்கொள்வார்கள்.

சரி, முற்றத்துக்கு வருவோம். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது, நீங்கள்தான் அதைக் கண்ணீரோடு சீக்கிரம் மூடிவிட்டீர்கள்.

முதலில், ஒரு முற்றத்தை யாரும் ஒரே நாளில் மூடுவதில்லை. நான் பார்த்த வீடுகளில் எல்லாம் இது தவணை முறையில்தான் நடந்திருக்கிறது. முதலில் திருட்டு பயம், மேலே கம்பி கிரில் வரும். அப்புறம் கொசு, கிரில்லின் மேல் நைலான் வலை வரும். அப்புறம் மழை, வலை கிழிந்ததும் அதற்குப் பதிலாக இரும்புப் பைப்பில் பாலிகார்பனேட் ஷீட். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதை முழுசாக எடுத்துப்போட்டுவிட்டு வருவதில்லை. கிரில் அப்படியே இருக்கும், வலையைக் கட்டிய துருப்பிடித்த கம்பி முனைகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும். வசந்தா நிமிர்ந்து பார்த்தால் மூன்று காலமும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். ஷீட்டிலும் ஒரு பாதி மஞ்சளாகி மங்கியிருக்கும், மறுபாதி கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் பறந்துபோனதை மட்டும் புதிதாகப் போட்டார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லலாம். யாரும் முற்றத்தைக் கொல்லவில்லை என்பது அங்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு நியாயமான காரணத்துக்காகக் கொஞ்சம் மட்டும் மூடினார்கள், அவ்வளவுதான்.

மூடியதால் என்ன ஆகும் என்பதையும் அவர் உடம்பிலேயே உணர்வார். சென்னையில் பகலில் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து வரும், பெரும்பாலும் உச்சிவேளையை ஒட்டி ஆரம்பிக்கும். 1984-ல் அவர் ஹால் ஜன்னலைத் தென்கிழக்கில் வைத்ததே அதற்காகத்தான். ஆனால் காற்று உள்ளே வர வேண்டுமென்றால் வெளியே போக ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழி முற்றம். சூடான காற்று மேலே ஏறி முற்றத்து வாய் வழியாகப் போகும், அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் வழியாகக் கடல் காற்று வரும். மேலே ஷீட் வந்ததும் வழி அடைபட்டுப்போயிற்று. ஜன்னல் அதே இடத்தில் அதே அளவில் இருக்கிறது, திறந்துதான் இருக்கிறது, ஆனால் திரைச்சீலை அசையாது. இதை எழுதுங்கள். மதியம் இரண்டு மணி, வெளியே தென்னை மட்டை ஆடுகிறது, உள்ளே திரைச்சீலை அசையவில்லை. வசந்தாவுக்கு அந்த ஒரு காட்சி போதும்.

அதோடு ஷீட் வெயிலை உள்ளே விட்டுவிட்டு வெப்பத்தை வெளியே விடாது. முற்றத்தை ஒட்டிய சமையலறை தகிக்கும். அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் வந்திருக்கும். முற்றத்தைப் பார்த்த படுக்கையறை ஜன்னலை நிரந்தரமாகச் சாத்திவிட்டு ஏ.சி. போட்டிருப்பார்கள். அந்த ஏ.சி.யின் வெளி யூனிட்டை எங்கே மாட்டினார்கள் தெரியுமா? முற்றத்திலேயே. குழாய் நீளம் குறைவு, செலவும் குறைவு. ஆக, அறையிலிருந்து உறிஞ்சிய சூட்டையெல்லாம் அது மூடிய முற்றத்துக்குள் கொட்டுகிறது. இப்படிப்பட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. வசந்தாவும் இங்கே சிரித்துவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதுவரைக்கும் அவர் பார்த்ததெல்லாம் அவர்கள் செய்தது. கதை இதோடு நின்றால் "நல்ல வடிவமைப்பு, புரியாத ஜனங்கள்" என்ற வழக்கமான முணுமுணுப்பாகிவிடும். எங்கள் தொழிலில் ஓய்வுபெற்றவர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கலாம், அலுத்துப்போன பாட்டு. உங்கள் கதைக்குத் தேவை வசந்தா தானே செய்த ஒரு தவறு. பெரிய தவறாக இருக்கக்கூடாது. வீடு இடிந்து விழுவது மாதிரி எல்லாம் வேண்டாம். வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம், அவ்வளவு போதும்.

அந்த வட்டம் முற்றத்துத் தண்ணீர் போகும் குழாய். நான் சொல்லும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முற்றம் பத்தடிக்கு எட்டடி, சுற்றியுள்ள தரையைவிட அரை அடி தாழ்வு. நாலு பக்கமும் ஓட்டுத் தாழ்வாரம் முற்றத்துக்குள் சாய்ந்திருக்கிறது. முற்றமும் தாழ்வாரமும் சேர்த்து 400 சதுர அடியில் விழும் மழையெல்லாம் அந்தக் குழிக்குள்தான் வரும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரத்தில் இரண்டு அங்குலம் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சென்னைக்கு அது புதுசில்லை. 400 சதுர அடியில் இரண்டு அங்குலம் என்றால் சுமார் 67 கன அடி, ஏறக்குறைய 1,900 லிட்டர். மூலையில் மூன்று அங்குலக் குழாய் ஒன்று இருக்கிறது. அது திறந்திருந்தால் பிரச்சினையே இல்லை, தண்ணீர் தெரியாமல் ஓடிவிடும்.

ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு வாதாம் மரம். 1984-ல் கிடையாது, பிறகு யாரோ வைத்தது. வாதாம் இலை உள்ளங்கையைவிடப் பெரியது, மூன்று அங்குல வாயை மூட ஒரே ஒரு இலை போதும். குழாய் அடைத்துக்கொண்டால் அந்தக் குழியில் எவ்வளவு பிடிக்கும்? பத்து பெருக்கல் எட்டு பெருக்கல் அரை, 40 கன அடி. 67 கன அடி ஒரு மணி நேரத்தில் வந்தால், 40 நிரம்ப 36 நிமிடம். முப்பத்தேழாவது நிமிடம் தண்ணீர் ஹாலுக்குள் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மழை ஆரம்பித்தால் மூன்று மணி அடிப்பதற்குள் தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களின் முதுகு நனையும்.

இதைத் தடுக்க வசந்தா என்ன செய்திருக்க வேண்டும்? ஹால் தரைக்கு ஓர் அங்குலம் கீழே, எதிர் மூலையில், இரண்டாவதாக ஒரு குழாய். முதல் வாய் அடைத்தாலும் தண்ணீர் தரை மட்டத்தைத் தொடும் முன் இரண்டாவது வழியாகப் போய்விடும். அன்றைக்கு அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. வரைபடத்தில் இன்னொரு சின்ன வட்டம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. 31 வயது, முற்றத்தில் வெயில் எந்தெந்த நேரத்தில் எந்தச் சுவரில் விழும் என்பதில் மனசு இருந்தது.

இதை அவருக்கு யார் சொல்வது என்பதுதான் எழுத்தாளராக நீங்கள் செய்ய வேண்டிய வேலை. குற்றச்சாட்டாக வரக்கூடாது. இப்போது அங்கே இருப்பவர் வீட்டை இரண்டாவதாக வாங்கிய குடும்பம் என்று வையுங்கள், அவர்களுக்கு வசந்தா மேல் மரியாதை மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கார அம்மா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "முற்றம் ரொம்ப அழகா இருந்துச்சு மேடம், மூட மனசே வரல. ஒரு வருஷம் ஐப்பசி மழையில ராத்திரி திடீர்னு ஹாலுக்குள்ள தண்ணி வந்துடுச்சு, எங்க மாமியார் கீழே படுத்திருந்தாங்க. அதுக்கப்புறம் மழை வந்தாலே தூங்க மாட்டாங்க, முற்றத்துப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துடுவாங்க. அதான் ஷீட் போட்டோம்" என்று சொல்லட்டும். அந்த அம்மாவுக்கு அது ஒரு பழைய கதை. வசந்தாவோ காபியைக் கையில் வைத்துக்கொண்டே மூலையைப் பார்க்கிறார், ஒரே ஒரு வாய், சல்லடை மேல் டைல்ஸ் கலவை கொஞ்சம் வழிந்திருக்கிறது, அவர் மனசுக்குள் பத்து பெருக்கல் எட்டு ஓடுகிறது. வாசகருக்கு நீங்கள் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை. "இந்த மூலையில ஒரு குழாய்தானா இருந்துச்சு?" என்று அவர் கேட்டால் போதும். "ஆமா மேடம், ஒண்ணுதான்." அந்த உரையாடலுக்குப் பிறகு கண்கலங்கினால்கூட நான் ஒத்துக்கொள்வேன், ஏனென்றால் அது பேத்தியின் கண்ணீராக இருக்காது.

காணாமல்போன சுவர் விஷயத்தில் ஒரு முடிவெடுங்கள். அது ஒன்பது அங்குலச் சுவரா, நாலரை அங்குலச் சுவரா? 1984-ல் திருவான்மியூரில் தனி வீடு என்றால் பெரும்பாலும் தூண் இல்லாமல், சுவரே தளத்தைத் தாங்கும்படி கட்டியதாகத்தான் இருக்கும். அப்போது சிமெண்டும் கம்பியும் கையைக் கடிக்கும். சிமெண்ட் விலைக் கட்டுப்பாட்டை 1982-ல்தான் பகுதியளவு தளர்த்தினார்கள், முழுக்க எடுத்தது 1989-ல். அப்படிப்பட்ட வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர் மேல்தளத்தைச் சுமப்பது, நாலரை அங்குலச் சுவர் வெறும் தடுப்பு. முதலாவதை எடுத்திருந்தால் வசந்தா விசாலமான ஹாலைப் பார்க்க மாட்டார், நேராகக் கூரையைத்தான் பார்ப்பார். சுவர் இருந்த கோட்டில் இரும்பு கர்டரோ கான்கிரீட் பீமோ கீழே தொங்குகிறதா, அதன் இரண்டு முனையும் எதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன, அந்த இடத்தில் பூச்சு வெடித்திருக்கிறதா. பீம் இல்லையென்றால் பயம் வரும், அது சோகம் இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் இணைப்புகளின் வழியே படிபோல ஏறும் விரிசல் இருந்தால் இன்னும் பயம். மாடியில் அவர்கள் கட்டிய அறையின் சுவர், கீழே இருக்கும் எந்தச் சுவரின் தலையில் நிற்கிறது என்பதையும் மனசுக்குள் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் யோசனை, எடுத்த சுவர் நாலரை அங்குலமாகவே இருக்கட்டும். கதைக்குள் இன்னொரு ஆபத்தைக் கொண்டுவந்தால் முற்றத்தின் பலம் குறைந்துவிடும். உள்ளே வந்ததும் சுவரைக் காணோம் என்று அவருக்குத் திக்கென்று இருக்கிறது, அது எந்தச் சுவர் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறார், தடுப்புச் சுவர்தான் என்று தெரிந்ததும் மூச்சு விட்டுச் சிரிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அவர் ஏன் சிரித்தார் என்று புரியாது. போதும்.

மாடி அறையை நீளமாக எழுத வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் நிச்சயம் நடக்கும், அதைத் தவறவிடாதீர்கள். ஒரு ஆர்க்கிடெக்ட் வீட்டுக்கு வந்தால், அவர் ஓய்வுபெற்றவராக இருந்தாலும், துக்கம் விசாரிக்க வந்திருந்தாலும், காபி முடிவதற்குள் யாராவது இலவச ஆலோசனை கேட்பார்கள். "மேடம், பையனுக்குக் கல்யாணம் வருது, அந்த ரூம் பக்கத்துலயே இன்னொரு ரூம் எழுப்பலாமா? வீடு தாங்குமா?" இதற்கு வசந்தாவிடம் உண்மையான பதில் இருக்கிறது, உலகத்திலேயே அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், அடியில் எவ்வளவு அகலம், கீழே மணலா களிமண்ணா, எத்தனை தளத்துக்கென்று கணக்குப் போட்டது என்பதெல்லாம் பூமிக்குள் மறைந்துபோயிற்று, அந்தக் குழியைத் திறந்த நிலையில் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர். கடற்கரை ஓரம் என்பதால் சன்ஷேடுகளின் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து, கான்கிரீட் பொரிந்து விழ ஆரம்பித்திருக்கும், அதையும் அவர் வாசலிலேயே பார்த்திருப்பார். எனவே "தாங்கும்" என்று சும்மா சொல்லவும் மாட்டார். "அஸ்திவாரம் தரை தளமும் முதல் தளமும் கணக்குப் பண்ணிப் போட்டது. ஆனா நாற்பது வருஷம் ஆச்சு, கம்பி எப்படி இருக்குன்னு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வச்சுப் பாருங்க" என்பார். கண்ணீரோடு முடிவதைவிட இப்படி ஒரு வேலைப் பேச்சோடு கதை முடிவது எனக்குப் பிடிக்கும். போகிற போக்கில் அந்த இரண்டாவது குழாயைப் போட்டுவிட்டு ஷீட்டை எடுக்கச் சொல்வாரா மாட்டாரா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் சொல்ல விடமாட்டேன். ஷீட்டின் கீழே இப்போது வாஷிங் மெஷின் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, பேரனின் சைக்கிள் இருக்கிறது. அதெல்லாம் எங்கே போகும்?

உரிமைச் சண்டை பற்றிக் கேட்டீர்கள். கட்டடத்தின் வடிவமைப்புக்குக் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் கீழ் பாதுகாப்பு உண்டு, அதை வேறொருவர் திருடிக் கட்டினால் கேட்கலாம். ஆனால் சொந்தக்காரர் தன் வீட்டில் சுவரை எடுப்பதையும் முற்றத்தை மூடுவதையும் நிறுத்தும் பலம் நடைமுறையில் ஆர்க்கிடெக்ட்டுக்கு இல்லை. இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த வழக்கே இருக்கிறது. தில்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வடிவமைத்து 1972-ல் திறந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடத்தை 2017 ஏப்ரலில் இடித்தார்கள். அவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சொந்தக்காரர் கட்டடத்தை இடிப்பதை வடிவமைத்தவர் தடுக்க முடியாது என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. அவ்வளவு புகழ்பெற்ற கட்டடத்துக்கே அந்த நிலை. வசந்தாவுக்கு இது தெரியும், அதனால் சண்டைக் காட்சி எழுதினால் பொய்யாக இருக்கும்.

அவருடைய தலைமுறைக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பிரான்சில் போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் பெசாக் என்ற இடத்தில் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லெ கொர்புசியே 1920-களில் தொழிலாளர்களுக்காக ஐம்பது வீடு போலக் கட்டினார். குடியிருந்தவர்கள் நீள ஜன்னல்களைச் சின்னதாக்கினார்கள், தட்டையான மாடி மேல் சாய்கூரை போட்டார்கள், திறந்த இடங்களை அடைத்து அறையாக்கினார்கள். எங்களுக்குக் கல்லூரியில் அதைச் சொல்லிக்கொடுக்கும்போது பாதி வகுப்பு குடியிருந்தவர்கள் பக்கம், பாதி வகுப்பு அவர் பக்கம். பின்னால் அந்த வீடுகளில் பலவற்றைப் பழைய வடிவத்துக்கே திருப்பினார்கள், 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. கதையில் இதைக் கொண்டுவராதீர்கள், பாடம் நடத்துவது போலாகிவிடும். ஆனால் வசந்தா அந்த ஷீட்டைப் பார்க்கும்போது அவர் மனசு ஒரே பக்கமாகச் சாயாமல் இருப்பதற்கு இந்தப் பழைய வகுப்பறைச் சண்டையும் ஒரு காரணம் என்று நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

கடைசியாகச் சில காலத் திருத்தங்கள். வசந்தா பழைய "சிஎம்டிஏ அனுமதி வரைபடத்தை" எடுத்துவருவதாக எழுதியிருந்தால் மாற்றுங்கள். 1984-ல் அந்தப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பெயர் எம்எம்டிஏ, ஊர் பெயர் அப்போது ஆங்கிலத்தில் மெட்ராஸ்தான். வரைபடமும் கம்ப்யூட்டர் அச்சு கிடையாது. டிரேசிங் பேப்பரில் மைப் பேனாவால் வரைந்து, தப்பானால் பிளேடால் சுரண்டித் திருத்தி, அதிலிருந்து அம்மோனியா பிரிண்ட் எடுப்போம், கையில் வாங்கும்போதே மூக்கில் ஏறும். நாற்பது வருடத்தில் அந்தப் பிரிண்டின் கோடுகள் மங்கியிருக்கும், மடித்த இடத்தில் கிழியும். டிரேசிங் பேப்பர்தான் நிற்கும், அது மஞ்சளாகி மொரமொரவென்று இருக்கும், அதில் பிளேடால் சுரண்டிய இடங்கள் வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் தெரியும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் 1984-க்குக் கொண்டுபோகாதீர்கள், தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயமானது 2003-ல். ஷீட்டில் விழும் தண்ணீரைப் பைப் வழியாக அந்தத் தொட்டிக்கு விட்டிருப்பதாக எழுதினால் பொருத்தமாக இருக்கும், அந்தப் பைப் வாயில் வாதாம் இலை அடைக்காமல் இருக்க வீட்டுக்காரர் ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டியிருப்பார்.